இ-பாஸ் தேவையா, தேவையில்லையா? துணைத்தலைப்பைக் கேள்வியாக வைத்தால் என்ன ஆகும், செய்தியாக வைத்தால் என்ன ஆகும்

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, அது 2024 மே 7-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு ஊட்டியில் லாட்ஜ் வைத்திருப்பவர், குன்னூரில் டாக்ஸி ஓட்டுபவர், கோத்தகிரியில் ஹோம்ஸ்டே நடத்துபவர் என்று இணையத்தில் சொந்தமாக ஒரு பக்கம் வைத்திருக்கிறவர்கள் பலரும் இ-பாஸுக்கு ஒரு விளக்கம் எழுதிவிட்டார்கள். அந்தப் பக்கங்களைத் திறந்தால் துணைத்தலைப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். "இ-பாஸ் என்றால் என்ன?", "யாருக்கெல்லாம் இ-பாஸ் தேவை?", "உள்ளூர் வண்டிகளுக்கு இ-பாஸ் தேவையா?" என்று மேலிருந்து கீழ்வரை கேள்விதான். ஏன் இப்படி என்று கேட்டால், கேள்வியாக வைத்தால்தான் கூகுள் மேலே காட்டும் என்று பதில் வரும்.

இந்த நம்பிக்கையில் கொஞ்சம் உண்மையும் நிறையப் பழைய கதையும் கலந்திருக்கிறது. இதை இரண்டு கேள்வியாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. அவசரத்தில் கண்ணை ஓட்டிக்கொண்டு போகிறவருக்கு எந்த வகைத் தலைப்பு உதவும் என்பது ஒன்று. தேடல் பட்டியலில் எது என்ன வேலை செய்யும் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

## மூன்று வகைத் தலைப்புகள்

துணைத்தலைப்பு என்பது கட்டுரைக்குள் ஒரு பகுதியின் தலையில் நிற்கும் வரி. இணையப் பக்கத்தில் அதை `h2`, `h3` என்ற குறிகளுக்குள் வைப்பார்கள். எழுத்தை வெறுமனே தடித்த எழுத்தாக மாற்றிவிட்டால் அது கண்ணுக்குத்தான் தலைப்பு, இயந்திரத்துக்கு அல்ல. அதை எழுதும் விதம் பொதுவாக மூன்று:

1. கேள்வி: "உள்ளூர் வண்டிகளுக்கு இ-பாஸ் தேவையா?"
2. செய்தி: "உள்ளூர் வண்டிகளுக்கு இ-பாஸ் தேவையில்லை"
3. வெறும் பெயர்: "உள்ளூர் வண்டிகள்"

மூன்றாவது வகை சுருக்கமானது, ஆனால் தனியாக எதையும் சொல்லாது. முன்பே விஷயம் தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பப் புரட்டும் விலைப்பட்டியல், கால அட்டவணை போன்றவற்றுக்கு அது போதும். இங்கே பேச்சு முதல் இரண்டைப் பற்றித்தான்.

இரண்டுக்கும் அடிப்படை வித்தியாசம் இது. கேள்வி, "பதில் இந்த இடத்தில் இருக்கிறது" என்று மட்டும் சொல்லும். செய்தி, பதிலையே கையில் கொடுத்துவிடும். கேள்வித் தலைப்பைப் படித்தவர் கீழே இறங்கி ஒரு வரியாவது படித்தாக வேண்டும். செய்தித் தலைப்பைப் படித்தவர் அத்தோடு நகர்ந்து போகலாம்.

## அவசரத்தில் படிக்கிறவர் கண் எங்கே போகிறது?

இணையத்தில் பெரும்பாலானவர்கள் வரிக்கு வரி படிப்பதில்லை, கண்ணை ஓட்டுகிறார்கள். இதைக் கண் அசைவைப் பதிவு செய்யும் கருவி வைத்து நீண்ட காலம் ஆராய்ந்த நிறுவனம் அமெரிக்காவின் நீல்சன் நார்மன் குழுமம். 2006-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் தெரிந்த பாதை ஆங்கில எழுத்து F போல இருந்தது. மேலே ஓரிரு வரிகளில் கண் இடமிருந்து வலமாக முழுதாகப் போகிறது, அப்புறம் இடது ஓரமாகவே கீழே சறுக்கிவிடுகிறது. பக்கத்தில் துணைத்தலைப்புகள் நன்றாக இருந்தால் வேறொரு பாதை வருகிறது என்பதையும் அவர்களே பின்னர் விளக்கினார்கள். கண் தலைப்புக்குத் தலைப்பு தாவுகிறது, நடுவிலுள்ள பத்திகளைத் தொடுவதே இல்லை, வேண்டிய தலைப்பு வந்ததும் அங்கே நின்று படிக்கிறது. தேடி வந்தவருக்கு இந்த இரண்டாவது பாதைதான் லாபம்.

இதிலிருந்து நமக்கு வேண்டியது இரண்டு விஷயம். தாவிப் படிக்கிறவர் கண்ணில் படுவது தலைப்புகள் மட்டும்தான் என்பது முதலாவது. அந்தத் தலைப்பிலும் முதல் ஓரிரு சொற்களுக்குத்தான் முழுக் கவனம் கிடைக்கிறது என்பது அடுத்தது. அதனால்தான் முக்கியமான சொல்லை முன்னால் வை என்று ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

## ஆங்கிலத்துக்குச் சொன்ன அறிவுரை தமிழில் தலைகீழாகிறது

பிரிட்டிஷ் அரசின் GOV.UK தளத்துக்கென்று எழுத்து வழிகாட்டி ஒன்று இருக்கிறது. தலைப்பைக் கேள்வியாக வைக்காதே என்று அது சொல்கிறது. கேள்வியாக எழுதினால் முக்கியச் சொல்லை முன்னால் கொண்டுவருவது கஷ்டம், வாசகர் பதிலைத் தேடி வருகிறாரே தவிர இன்னும் கேள்விகளைத் தேடி அல்ல, என்பது அவர்கள் வாதம். அமெரிக்க அரசின் எளிய மொழி வழிகாட்டி இதற்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. வாசகர் என்ன கேட்பார் என்று உனக்குத் தெரியுமானால் கேள்வித் தலைப்புதான் மிகவும் பயனுள்ளது என்கிறது அது. இரண்டுமே அரசாங்க வழிகாட்டி, இரண்டுமே பொதுமக்களுக்காக எழுதுகிறவர்களுக்கானவை, ஆனால் முடிவு எதிரெதிர்.

தமிழில் எழுதுகிறவர் இதில் எந்தப் பக்கம் சேர்வது? இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் என் முடிவு. ஆங்கிலத்தில் "என்ன", "எப்படி", "யார்" எல்லாம் வாக்கியத்தின் முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பத்துக் கேள்வித் தலைப்புகள் வரிசையாக வந்தால் பத்தின் தொடக்கமும் ஒன்றுபோலவே இருக்கும், இடது ஓரமாகச் சறுக்கும் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. தமிழில் அந்தச் சிக்கல் குறைவு. "இ-பாஸ் எப்படி எடுப்பது?", "மலை ரயிலுக்கு எங்கே முன்பதிவு?" என்று எழுதும்போது விஷயம் முன்னால் வந்துவிடுகிறது, கேள்விச் சொல் பின்னால் போகிறது. ஆக, பிரிட்டிஷ்காரர்களின் முதல் ஆட்சேபம் நம் மொழியில் பெரும்பாலும் விழுந்துவிடுகிறது. ("எப்படி இ-பாஸ் எடுப்பது?" என்று ஆங்கில வரிசையில் எழுதிவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்த வசதியைத் தாங்களே தூக்கி எறிகிறார்கள்.)

ஆனால் இன்னொரு பக்கம் நமக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு, அது ஆங்கிலத்தில் இல்லாதது. தமிழில் வினை கடைசியில் வரும். ஆமா, இல்லையா என்பதும் அந்த வினையின் வாலில்தான் தொங்கும். இந்த மூன்றையும் வரிசையாகப் பாருங்கள்:

1. நீலகிரிப் பதிவு வண்டிகளுக்கு இ-பாஸ் தேவை
2. நீலகிரிப் பதிவு வண்டிகளுக்கு இ-பாஸ் தேவையா?
3. நீலகிரிப் பதிவு வண்டிகளுக்கு இ-பாஸ் தேவையில்லை

ஒன்று கட்டாயம் என்கிறது, இன்னொன்று சந்தேகம், மூன்றாவது விலக்கு. ஆனால் வரியின் பெரும்பகுதி மூன்றிலும் ஒரே எழுத்து. வித்தியாசம் கடைசிச் சொல்லின் கடைசிப் பகுதியில் மட்டும் இருக்கிறது, அதாவது தாவிப் படிக்கிறவர் பார்க்காமல் விடும் அதே இடத்தில். கைபேசித் திரையில் வரி உடைந்தால் "தேவையில்லை" மட்டும் தனியாக இரண்டாவது வரிக்கு இறங்கிவிடும். கல்லாறு சோதனைச் சாவடியில் வண்டி வரிசையில் நின்றுகொண்டு, சிக்னல் வந்து வந்து போகும் போனில் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே படிக்கிறவர் "நீலகிரிப் பதிவு வண்டிகளுக்கு இ-பாஸ்" என்பதுவரை பார்த்து மீதியைத் தானே நிரப்பிக்கொள்வார். தனக்கு எது பயமோ, அல்லது எது வசதியோ, அதை.

எனவே தமிழில் உண்மையான பிரச்சினை கேள்வியா செய்தியா என்பதைவிட, பதில் வரியின் எந்த முனையில் நிற்கிறது என்பதுதான். ஆமா-இல்லையா வகைக் கேள்வியைத் தலைப்பாக வைப்பதை முடிந்தவரை தவிர்ப்பேன். அதைச் செய்தியாக மாற்றும்போதும் இல்லை என்ற வாலை நம்பி வைக்கமாட்டேன். அதற்கு இரண்டு வழி இருக்கிறது, இரண்டுமே நம் நாளிதழ்களில் தினமும் பார்ப்பவைதான்.

முதல் வழி, பதிலை முன்னால் போட்டு ஒரு முக்காற்புள்ளி வைப்பது. "கனமழை: பள்ளிகளுக்கு விடுமுறை" என்று மழைக்காலத்தில் மாவட்டச் செய்தி வருமே, அந்த அமைப்பு. "இ-பாஸ் வேண்டாம்: TN43 வண்டிகள், அரசு பஸ்கள்" என்று எழுதினால் இடது ஓரத்திலேயே பதில் நிற்கும். TN43 என்பது நீலகிரிப் பதிவு வண்டி எண்ணின் தொடக்கம். இரண்டாவது வழி, எதிர்மறை வாலுக்குப் பதில் முழுச் சொல்லாக நிற்கும் ஒரு பெயரைப் போடுவது. "TN43 வண்டிகளுக்கு விலக்கு" என்றால் அந்தச் சொல்லின் எந்தத் துண்டைப் பார்த்தாலும் பொருள் எதிராகத் திரும்பாது. "தடை", "விலக்கு", "கட்டாயம்", "மூடல்", "அனுமதி" எல்லாம் இந்த வேலைக்கு நல்ல சொற்கள்.

## தேடல் பட்டியலில் கேள்விக்குறிக்குத் தனி மரியாதை இருக்கிறதா?

இப்போது இல்லை. முன்பு இருந்தது என்று சொல்லலாம், அதுவும் தலைப்புக்காக இல்லை.

2019-இல் கூகுள் ஒரு வசதி கொடுத்தது. பக்கத்திலுள்ள கேள்வி-பதில்களை `FAQPage` என்ற குறியீட்டில் எழுதிவைத்தால், தேடல் பட்டியலில் உங்கள் இணைப்புக்குக் கீழேயே அந்தக் கேள்விகள் திறந்து மூடும்படி வரிசையாகத் தெரியும். ஒருவருடைய பக்கம் பட்டியலில் மூன்று பேர் இடத்தை அடைத்துக்கொண்டது. உடனே எல்லோரும், விஷயத்துக்கு வேண்டுமோ வேண்டாமோ, கேள்வி எழுத ஆரம்பித்தார்கள். 2023 ஆகஸ்டில் கூகுள் இந்தக் காட்சியை நன்கு அறியப்பட்ட அரசுத் தளங்களுக்கும் சுகாதாரத் தளங்களுக்கும் மட்டும் என்று சுருக்கிவிட்டது. லாட்ஜ் பக்கத்துக்கும் டாக்ஸி பக்கத்துக்கும் அந்தக் கதவு அன்றோடு மூடிவிட்டது, ஆனால் அதற்காகச் சொல்லிக்கொடுத்த அறிவுரை மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் துணைத்தலைப்பு தேடல் பட்டியலில் எங்கே வேலை செய்கிறது? மூன்று இடம்.

1. நீல எழுத்தில் தெரியும் தலைப்பு வரி. இதற்குக் கூகுள் வழக்கமாகப் பக்கத்தின் `title` பகுதியைத்தான் எடுக்கும். ஆனால் அது பொருத்தமில்லை என்று தோன்றினால் பக்கத்தில் தெரியும் தலைப்புகளிலிருந்தும் எடுக்கும், 2021-க்குப் பிறகு இது அதிகமாகக் கண்ணில் படுகிறது. வரி நீண்டால் திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைக்கும். தமிழ் எழுத்துகள் அகலமானவை, சீக்கிரம் வெட்டுப்படும். வெட்டுப்படுவது கடைசிச் சொல், அதாவது "தேவையில்லை". மேலே சொன்ன முக்காற்புள்ளி வழி இங்கேயும் காப்பாற்றும்.

2. பக்கத்துக்குள் நேராகக் குதிக்கும் இணைப்புகள். பக்கத்தின் மேலே ஒரு உள்ளடக்கப் பட்டியல் வைத்து, ஒவ்வொரு தலைப்புக்கும் அதன் இடத்தைச் சுட்டும் ஒரு `id` கொடுத்திருந்தால், சில நேரம் அந்தத் தலைப்புகள் தேடல் பட்டியலில் உங்கள் இணைப்புக்குக் கீழே சிறிய இணைப்புகளாகத் தெரியும். வருமா வராதா என்பது கூகுளின் விருப்பம். வந்தால், குட்டையான தலைப்புக்குத்தான் அங்கே மதிப்பு.

3. பதில் பெட்டி. சில தேடல்களுக்கு மேலேயே ஒரு பக்கத்திலிருந்து ஒரு பத்தியைப் பிய்த்துக் காட்டுமே, அதுதான். ஃபீச்சர்ட் ஸ்னிப்பெட் என்று சொல்வார்கள். இங்கேதான் கேள்வித் தலைப்பு உதவும் என்ற பேச்சில் கொஞ்சம் அர்த்தம் இருக்கிறது. தேடுகிறவர் கேட்கிற மாதிரியே தலைப்பும், அதற்கு ஒட்டியே முழுப் பதிலும் இருந்தால், எந்தப் பத்தி எதற்குப் பதில் என்பதில் குழப்பம் இல்லை. ஆனால் எடுக்கப்படுவது பத்தி. தலைப்பு அந்தப் பத்தியை அடையாளம் காட்டுகிறது, அவ்வளவுதான். "TN43 வண்டிகளுக்கு விலக்கு" என்பதும் அதே அடையாளத்தைக் காட்டும்.

மூன்றாவதில் தமிழில் எழுதுகிறவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. நாம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலை இப்படி எழுதுவோம்: "ஆம், கட்டாயம் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்." பேச்சில் இது முழுப் பதில். ஆனால் யார், எதை, எந்த ஊருக்கு என்று ஒன்றுமே இந்த இரண்டு வாக்கியத்தில் இல்லை, எல்லாம் மேலே தலைப்பில் இருக்கிறது. பத்தியை மட்டும் பிய்த்து வேறோரிடத்தில் வைத்தால் அது அனாதை. "நீலகிரி மாவட்டத்துக்குள் வரும் வெளியூர்ப் பதிவு வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். TN43 பதிவு வண்டிகளுக்கும் அரசு பஸ்களுக்கும் விலக்கு உண்டு" என்று எழுதினால், எங்கே கொண்டுபோய் வைத்தாலும் நிற்கும். தலைப்பில் சொன்னதைத் திரும்பச் சொல்வதுபோல எழுதுகிறவருக்குத் தோன்றும். படிக்கிறவருக்கு அப்படித் தோன்றாது, ஏனென்றால் அவர் தலைப்பைப் பாதிதான் படித்திருப்பார்.

தேடல் நோக்கில் `h2`, `h3` வரிசை பிசகினால் தண்டனை என்றும் ஒரு பயம் இருக்கிறது. வரிசை மாறினாலும் தேடலுக்கு ஒன்றும் ஆகாது என்று கூகுளின் வழிகாட்டியே சொல்கிறது. வரிசை சரியாக இருக்க வேண்டியது, பார்வையில்லாதவர்கள் பயன்படுத்தும் திரை வாசிப்பான்களுக்காக. NVDA போன்ற மென்பொருளில் `H` பொத்தானைத் தட்டித் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு போவார்கள். அவர்களுக்கு ஆறு கேள்வித் தலைப்பு என்றால், ஒவ்வொன்றிலும் நின்று கீழே இறங்கிப் பார்க்கவேண்டிய ஆறு கதவு.

## ஒரு பக்கத்தை எடுத்துத் திருத்திப் பார்க்கலாம்

குன்னூர்க்காரர் ஒருவர் வாடிக்கையாளர்களுக்காக வைத்திருக்கும் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். துணைத்தலைப்புகள் இப்படி:

1. இ-பாஸ் என்றால் என்ன?
2. யாருக்கெல்லாம் இ-பாஸ் தேவை?
3. உள்ளூர் வண்டிகளுக்கு இ-பாஸ் தேவையா?
4. ஒரு நாளைக்கு எத்தனை வண்டிகளுக்கு அனுமதி?
5. இ-பாஸ் எப்படி எடுப்பது?
6. மைசூர் வழியாக இரவில் வரலாமா?

இதைப் படிக்க வருகிறவர்கள் யார் என்று முதலில் நினைத்துப் பார்க்கவேண்டும். ஈரோட்டிலிருந்து குடும்பத்தோடு கிளம்பி மேட்டுப்பாளையத்தில் டிபனுக்கு நிற்கும்போது யாரோ சொல்லி இ-பாஸ் ஞாபகம் வந்தவர் ஒருவர். கோவையில் வேலை, வண்டி TN43, வார இறுதிக்கு வீட்டுக்கு வருகிறவர் இன்னொருவர். மைசூரிலிருந்து மாலையில் கிளம்பலாமா என்று யோசிப்பவர் மூன்றாமவர்.

முதல் தலைப்பு மூவருக்கும் வேண்டாம். இ-பாஸ் என்றால் என்ன என்று தெரியாதவர் இந்தப் பக்கத்துக்கே வரமாட்டார். இது எழுதுகிறவர் தொடங்குவதற்காகக் கேட்டுக்கொண்ட கேள்வி. இந்த வகைக் கேள்விகளைக் கண்டுபிடிக்க எளிய வழி, அதை அந்த வாசகர் வாயில் வைத்துச் சொல்லிப் பார்ப்பது. "அண்ணா, இ-பாஸ்னா என்னங்க?" என்று சாவடியில் கேட்பார்களா? மாட்டார்கள். "எங்க எடுக்கறது?" என்றுதான் கேட்பார்கள். முதல் தலைப்பைத் தூக்கிவிட்டு அந்த விவரத்தைத் தொடக்கப் பத்தியில் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம்.

இரண்டும் மூன்றும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கம். சேர்த்து "இ-பாஸ் வேண்டாம்: TN43 வண்டிகள், அரசு பஸ்கள்" என்று வைத்தால் கோவைக்காரர் அந்த ஒரு வரியோடு போனை மூடிவிடலாம். அவர் பக்கத்தில் நிற்கவில்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு, ஆனால் அவர் தேடி வந்தது கிடைத்துவிட்டது.

ஐந்தாவதைக் கேள்வியாகவே விட்டுவிடுவேன். காரணம், அதன் பதில் ஒரு வரியில் அடங்காது. `epass.tnega.org` தளத்துக்குப் போய், கைபேசி எண் கொடுத்து, வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எத்தனை நாள் என்று நிரப்பும் படிகள் அதில் இருக்கின்றன. படிகளைச் செய்தித் தலைப்பாக்க முயன்றால் "இ-பாஸ் பெறுவது மிக எளிது" என்று வெறும் விளம்பர வரிதான் கிடைக்கும். பதில் பட்டியலாகவோ படிகளாகவோ இருந்தால் கேள்வி, ஒரு சொல்லிலோ ஒரு வரியிலோ அடங்கினால் செய்தி. பெரும்பாலான இடங்களில் இந்த ஒரு அளவுகோல் போதும்.

ஆறாவதைக் கட்டாயம் மாற்றவேண்டும், இது வழியில் மாட்டிக்கொள்ளும் விஷயம். பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை தனியார் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. "இரவில் வரலாமா?" என்ற தலைப்பைத் தாண்டிப் போகிறவர் குண்டுலுப்பேட்டையில் இரவைக் கழிக்க நேரும். "இரவு 9 - காலை 6 தடை: பந்திப்பூர் வழி" என்று வைத்தால், தலைப்பை மட்டும் பார்த்தவருக்கும் எச்சரிக்கை போய்ச் சேர்ந்துவிடும். தடை, ஆபத்து, கடைசி நேரம் இவற்றைக் கேள்விக்குள் ஒளித்து வைக்கவே கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான்காவதைப் பற்றித்தான் யோசிக்கவேண்டும்.

## எண் உள்ள தலைப்பு பழசானால் என்ன ஆகும்?

2025 ஏப்ரல் 1 முதல் உயர் நீதிமன்றம் வண்டிகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000-மும் 6,000-மும். மேலே சொன்ன அளவுகோல்படி இது ஒரு வரிப் பதில், செய்தியாக்கலாம்: "வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000". கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் இது ஒரு சீசனை ஒட்டி வந்த எண், அடுத்த உத்தரவில் மாறக்கூடியது. செய்தித் தலைப்பின் பலவீனம் இங்கேதான் வெளிப்படும். எண் மாறியதும் தலைப்பே தவறாகிவிடும். எழுதியவர் கீழே பத்தியில் திருத்திவிட்டுத் தலைப்பை மறந்துவிட்டால், தலைப்பை மட்டும் படிக்கிற பெரும்பாலோர் பழைய எண்ணோடுதான் போவார்கள். கேள்வித் தலைப்பு பழசாகாது. "ஒரு நாளைக்கு எத்தனை வண்டிகளுக்கு அனுமதி?" என்பது அடுத்த வருஷமும் அதே கேள்விதான், பதில் பத்தியின் முதல் வரியை மாற்றினால் போதும். எனவே மாறக்கூடிய எண்ணை நான் கேள்விக்குக் கீழேதான் வைப்பேன், பதிலின் முதல் வாக்கியத்திலேயே தேதியையும் சேர்த்து: "2025 ஏப்ரல் 1 முதல் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டிகளுக்கும் வார இறுதியில் 8,000 வண்டிகளுக்கும் இ-பாஸ் தரப்படுகிறது."

தலைப்பை மாற்றும்போது `id`-ஐ மாற்றக்கூடாது. யாராவது அந்தப் பகுதிக்கு நேராக இணைப்பு அனுப்பியிருந்தால் அது உடைந்துவிடும், பக்கம் திறக்கும் ஆனால் தலையில்போய் நிற்கும். `id`-ஐ ஆங்கில எழுத்தில் குட்டையாக வைப்பதும் நல்லது. தமிழில் வைத்தால் முகவரியைப் பிரதி எடுக்கும்போது ஒவ்வொரு எழுத்தும் பல இடங்களில் சதவீதக் குறிகளோடு நீண்டுபோய், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அரைத் திரைக்கு வந்து நிற்கும்.

```html
<h2 id="vilakku">இ-பாஸ் வேண்டாம்: TN43 வண்டிகள், அரசு பஸ்கள்</h2>
<h2 id="varambu">ஒரு நாளைக்கு எத்தனை வண்டிகளுக்கு அனுமதி?</h2>
```

## மாற்றியதில் பலன் உண்டா என்று எப்படிப் பார்ப்பது?

கூகுளின் `Search Console`-இல் உங்கள் பக்கத்துக்கு என்னென்ன தேடலிலிருந்து ஆள் வந்தார்கள் என்று பார்க்கலாம். அதில் தேடல் சொற்களை வடிகட்டும் இடத்தில் `regex` என்ற வழி இருக்கிறது. கேள்வியாகக் கேட்டு வந்தவர்களை மட்டும் பிரிக்க இப்படிப் போடலாம்:

```
எப்படி|எங்கே|எத்தனை|தேவையா(\s|\?|$)|eppadi|epadi|\benga\b
```

கடைசி மூன்றும் ஏன் என்றால், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். இந்தப் பட்டியலைப் பார்த்தாலே பாதி முடிவு கிடைத்துவிடும். வருகிறவர்கள் பெரும்பாலும் `ooty epass` என்று இரண்டு சொல்லில் தேடி வருகிறார்கள் என்றால், அவர்கள் முழுக் கேள்வியாகக் கேட்கிறார்கள் என்ற அனுமானத்தில் தலைப்பு வைப்பதில் அர்த்தமில்லை. தலைப்பின் முதல் சொற்களில் ஊரும் இ-பாஸும் இருக்கிறதா என்பதுதான் அங்கே கணக்கு.

இந்தக் கருவிக்கு ஒரு எல்லை உண்டு. பதில் பெட்டியிலிருந்து வந்த கிளிக் எது, சாதாரண வரிசையிலிருந்து வந்த கிளிக் எது என்று அது பிரித்துக் காட்டாது. அதைத் தேடிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். இன்னொன்று, கிளிக் குறைந்தால் தலைப்பு மோசம் என்று அவசரப்படக்கூடாது. பதில் பட்டியலிலேயே தெரிந்துவிட்டதால் உள்ளே வராமல் போனவர்களும் அந்தக் குறைவில் இருக்கிறார்கள்.

மலைக்காரர்கள் இன்னொரு விஷயத்தையும் மறக்கக்கூடாது. மார்ச்சில் தலைப்புகளை மாற்றிவிட்டு மே மாதம் எண்ணைப் பார்த்தால் யாருடைய பக்கத்துக்கும் கூட்டம் ஏறியிருக்கும். மலர்க் கண்காட்சியும் பள்ளி விடுமுறையும் கொண்டுவந்த கூட்டம் அது, உங்கள் கேள்விக்குறியோ முக்காற்புள்ளியோ கொண்டுவந்தது அல்ல. முந்தின மாதத்தோடு ஒப்பிடாமல் முந்தின வருஷத்தின் அதே வாரங்களோடு ஒப்பிடவேண்டும். `Search Console` 16 மாதங்களுக்குத்தான் விவரம் வைத்திருக்கும், அதனால் சென்ற சீசனின் எண்களை இந்த சீசன் முடிவதற்குள் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, ஒரே நாளில் எல்லாத் தலைப்பையும் மாற்றாமல் பாதிப் பக்கங்களில் மட்டும் மாற்றி, மாற்றாத பாதியோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு ஏறியிருந்தால் அது சீசன் கொண்டுவந்த ஏற்றம்.